கன்டென்ட் வரவில்லை, முன்பணம் மட்டும் வந்திருக்கிறது

வாசகி கேள்வி:

மேடம், சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து கொடுக்கிறேன். ஏற்காட்டில் காப்பித் தோட்டமும் அதற்குள் ஆறு அறை ஹோம்ஸ்டேயும் வைத்திருப்பவர், அப்பாவுக்குத் தெரிந்தவர், பொங்கல் முடிந்ததும் வேலை கொடுத்தார். அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். மொத்தம் 60,000 ரூபாய், அதில் 20,000 முன்பணம் ஜிபேயில் வந்தது. ‘முன்பணம் கிடைத்த 30 நாளில் முடித்துத் தரப்படும்’ என்று கொட்டேஷனில் போட்டிருந்தேன். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எதுவும் இல்லை. ‘கன்டென்ட் அனுப்புங்க அங்கிள்’ என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். ‘காப்பி பூக்கட்டும்மா, அப்பதான் போட்டோ நல்லா வரும்’ என்பார். முகப்புப் பக்கத்துக்கு இரண்டு மாதிரி அனுப்பினேன். மேனேஜர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பெங்களூரில் இருக்கும் அவர் மகன் ‘ரெண்டுமே வேணாம்’ என்றார். அங்கிள் பதிலே போடவில்லை. தோட்டத்தில் நடந்த ஒரு கல்யாண ஜோடியின் போட்டோஷூட் படங்களை மட்டும் அனுப்பினார். இப்போது ஏப்ரல் பிறந்ததும், ‘மே சீசன் போச்சுன்னா நீதான்மா பொறுப்பு, இல்லேன்னா பணத்தைத் திருப்பிக் கொடு’ என்கிறார். பணத்தைத் தர வேண்டுமா? ‘இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்’ என்று மெசேஜ் போடலாமா? வேறு ரிசார்ட் தளங்களிலிருந்து வாசகமும் படமும் எடுத்துப் போட்டு முடித்துவிட்டால் என்ன?

வழக்கறிஞர் பதில்:

கையெழுத்து இல்லை என்பதற்காக நீங்கள் பயப்பட வேண்டாம். நீங்கள் அனுப்பிய கொட்டேஷன், அதை ஏற்று அவர் போட்ட பணம், இரண்டும் சேர்ந்தாலே ஒப்பந்தம்தான். வாட்ஸ்அப்பில் பேசி முடித்தது என்பதால் அது செல்லாமல் போகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறது. ஆனால் இது அவரை மட்டுமல்ல, உங்கள் 30 நாள் வாக்குக்கு உங்களையும் கட்டும். முன்பணம் வந்த அன்றே கடிகாரம் ஓடத் தொடங்கும் என்று எழுதிக் கொடுத்தது நீங்கள்தான்.

அந்தக் கடிகாரத்தை நிறுத்தச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு. வேலையைச் செய்யத் தேவையான வசதியை, வேலை கொடுத்தவரே செய்து தராமல் விட்டால், அதனால் நின்றுபோன அளவுக்கு வேலை செய்பவர் மீது பழி இல்லை. சட்டமே ஓர் உதாரணமும் கொடுத்திருக்கிறது: ஒருவர் ஒரு வீட்டைப் பழுதுபார்க்க ஒப்புக்கொள்கிறார், எங்கெங்கே பழுது என்று வீட்டுக்காரர் காட்டவில்லை, வேலை நடக்காததற்குப் பழுதுபார்ப்பவர் பொறுப்பில்லை. அறைகளின் பெயர் என்ன, எத்தனை பேர் தங்கலாம் என்று சொல்லாத ஹோம்ஸ்டேக்காரரை இந்த உதாரணத்துக்குள் உட்கார வைப்பது கஷ்டமில்லை.

ஆனால், ‘அவர் தராததால்தான் நின்றது’ என்று காட்ட வேண்டியது நீங்கள். இங்கேதான் உங்கள் கை கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய மெசேஜ்களையெல்லாம் வரிசையாக ஒரு நீதிபதி முன் வைத்தால், எல்லாவற்றிலும் ஒரே வரிதான் இருக்கும். அதில் என்ன வேண்டும், எந்த வடிவத்தில், எதற்குள், வராவிட்டால் எது நிற்கும் என்பது எதிலும் இல்லை. போதாக்குறைக்கு, எழுத்தும் படமும் யார் தர வேண்டும் என்று உங்கள் கொட்டேஷன் சொல்லவில்லை. ‘வெப்சைட்னா எல்லாம் சேர்த்துத்தானே, எழுதறதும் அந்தப் பொண்ணு வேலைன்னு நினைச்சேன்’ என்று அவர் சொன்னால், அதைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் உண்மையாகவே அப்படி நினைத்துக்கொண்டு இருக்கவும் கூடும்.

ஆகவே வக்கீல் நோட்டீஸ் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். இன்றைக்கே அனுப்ப வேண்டியது ஒழுங்கான ஒரே ஒரு மெசேஜ். வேலை நடந்தால் அது வேலைக்கு உதவும். நடக்காவிட்டால் 67-ஆம் பிரிவுக்கு அதுவே சாட்சி.

எது வந்தால் தொடங்கலாம், எது பிறகு வரலாம்

இந்தத் தொழில் செய்பவர்கள் என்னிடம் ஒப்பந்தம் எழுத வரும்போது, வாடிக்கையாளருக்கு அனுப்பும் பட்டியலைக் காட்டுவார்கள். முப்பது நாற்பது வரி இருக்கும். வரலாறு, நோக்கம், அறை விவரம், விலை, படம், வீடியோ, விருந்தினர் கருத்து, ரத்து விதி, ஜிஎஸ்டி எண் என்று எல்லாம் ஒரே மூச்சில். அதைப் பார்த்ததும் தோட்டக்காரர் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மிளகுக்கொடியைப் பார்க்கப் போய்விடுவார். அந்த நாற்பதில் வேலையை உண்மையாகவே தடுத்து நிறுத்துவது நான்கைந்துதான் இருக்கும்.

உங்கள் வேலையில் முதல் தடை படம் அல்ல. முன்பதிவு எப்படி என்பதுதான். விருந்தினர் தளத்திலேயே பணம் கட்டி அறை பிடிக்கப் போகிறார்களா, அல்லது ஃபோனில் கேட்டு உறுதி செய்யப் போகிறார்களா? முதலாவது என்றால் பேமெண்ட் கேட்வே வேண்டும். அந்த நிறுவனம் அவருடைய பான், வங்கிக் கணக்கு எல்லாம் கேட்கும். தளத்தில் ரத்து மற்றும் பணம் திரும்பத் தரும் விதி, தனியுரிமைக் கொள்கை, தொடர்பு முகவரி ஆகிய பக்கங்கள் இருக்கிறதா என்றும் பார்க்கும். அப்படியானால் மே மாதக் கூட்ட நேரத்தில் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார் என்பதை அவர் இப்போதே முடிவு செய்தாக வேண்டும். இரண்டாவது என்றால் இவற்றில் பாதி தேவையே இல்லை. ஒரு வாட்ஸ்அப் பொத்தான் போதும். இந்த ஒரு பதிலைப் பொறுத்து மொத்த வேலையின் உருவமே மாறுகிறது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இதை நீங்கள் அவரிடம் தனியாகக் கேட்டதாகவே தெரியவில்லை.

காப்பிப் பூ படம் பிறகு வரலாம். கோடை மழை விழுந்து பூத்தால்தான் பூ. மழையின் தேதியைக் கொட்டேஷனில் எழுத முடியாது. அதனால் ‘பூ படம் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் அங்கிள், இப்போதைக்கு வராந்தாவிலிருந்து தெரியும் மலையை உங்கள் ஃபோனிலேயே எடுத்து அனுப்புங்கள்’ என்று அந்தச் சாக்கை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிவிடுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் சுருங்கி வரும். முகப்பில் பெரிதாகப் போட்டால் கலங்கித் தெரியும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். மேனேஜருக்கு அது தெரியும்.

டொமைன் வேறு ரகம். முதல் நாளில் தேவைப்படாது, ஆனால் கிடைக்க ரொம்ப நாளாகும். முன்பு யாரோ ஒரு பையன் வாங்கிக் கொடுத்திருப்பான், அவன் எண் மாறியிருக்கும், கணக்கு அவன் மின்னஞ்சலில் இருக்கும். தளம் வெளியிட வேண்டிய அன்று இதைக் கேட்டால் பத்து நாள் போகும், பழி உங்கள் தலையில் விழும். ஏற்கெனவே டொமைன் இருக்கிறதா, யார் வாங்கியது என்று மட்டும் இப்போதே கேட்டு வையுங்கள். அந்தப் பெயரில் அவருக்கு மின்னஞ்சல் ஓடுகிறதா என்றும் கேளுங்கள். கேட்காமல் விட்டால், நீங்கள் நேம்சர்வரை மாற்றிய அன்று அவருக்கு மெயில் வருவது நின்று, அது ஒரு தனிப் பஞ்சாயத்தாகிவிடும்.

யார் சொன்னால் சம்மதம்

மேனேஜரின் கட்டைவிரல் சம்மதமா? உங்களுடன் ஒப்பந்தம் செய்தவர் அங்கிள். அவர் தன் நடத்தையால் ‘மேனேஜர் சொன்னால் நான் சொன்ன மாதிரி’ என்று உங்களை நம்ப வைத்திருந்தால் மட்டுமே மேனேஜரின் பதில் அவரைக் கட்டும். மகனுக்கும் இதேதான். பெங்களூரில் உட்கார்ந்து ‘ரெண்டுமே வேணாம்’ என்பவர், பணம் கட்டும்போது காணாமல் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முடிவு சொல்லும் ஆள் ஒருவர் என்று அங்கிள் வாயால் வரட்டும். மகன்தான் என்றாலும் சரி, அவர் பெயரையே சொல்லட்டும்.

உங்கள் ‘இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் சம்மதம்’ யோசனை அப்படியே செல்லாது. ஒருவர் பேசாமல் இருப்பதை நீங்களாகச் சம்மதம் என்று பெயர் வைத்துவிட முடியாது. அந்த விதியை அவர் முதலில் ஏற்க வேண்டும். ஏற்றுவிட்டால் பிறகு அவர் மௌனத்துக்கு அர்த்தம் உண்டு. அதனால் விதியை அறிவிப்பாகப் போடாமல், கேள்வியாகப் போட்டு, ‘சரி’ என்று ஒரு பதிலை வாங்குங்கள்.

மெசேஜ் இப்படி இருக்கலாம். உங்கள் பேச்சு வழக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணும் தேதியும் மட்டும் மாறாமல் இருக்கட்டும்.

> அங்கிள், வணக்கம். மே சீசனுக்குள் தளம் வர வேண்டுமென்றால் உங்களிடமிருந்து எனக்கு நான்கு விஷயம் வேண்டும்.
>
> 1. ரூம் புக்கிங்: ஆன்லைனில் பணம் கட்டியா, ஃபோனில் கேட்டா? ஒன்று சொல்லுங்கள்.
>
> 2. ஆறு ரூமின் பெயர், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் தங்கலாம். தாளில் எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்பினால் போதும்.
>
> 3. லோகோவின் ஒரிஜினல் ஃபைல், போர்டு செய்தவரிடம் இருக்கும். இல்லையென்றால் ‘இல்லை’ என்று சொல்லுங்கள், பெயரை எழுத்தாகவே போட்டுவிடுகிறேன்.
>
> 4. முகப்புப் பக்கம், முதல் மாதிரியா, இரண்டாவதா? இரண்டுமே வேண்டாம் என்றால் எது பிடிக்கவில்லை? இதில் முடிவு சொல்வது நீங்களா, அண்ணாவா? ஒருவர் பெயர் சொல்லுங்கள், இனி அவரிடமே கேட்கிறேன்.
>
> ஏப்ரல் 10-க்குள் இந்த நான்கும் வந்தால் மே 1-க்குள் முடித்துத் தருகிறேன். எத்தனை நாள் தள்ளி வருகிறதோ, அத்தனை நாள் முடிப்பதும் தள்ளிப்போகும். இனி நான் அனுப்பும் பக்கத்துக்கு மூன்று நாளில் பதில் வரவில்லையென்றால் அதை அப்படியே வைத்து அடுத்ததுக்குப் போகலாமா? பிறகு மாற்றச் சொன்னால் தனிக் கட்டணம். சம்மதம் என்றால் ‘சரி’ என்று ஒரு பதில் போடுங்கள் அங்கிள்.

இதில் பழைய 30 நாள் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘நான் லேட் இல்லை, நீங்கள்தான் லேட்’ என்று எழுதினால் பதில் சண்டையாக வரும். ‘சரி’ வந்துவிட்டால், பழைய கெடுவுக்குப் பதில் இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட புதிய கெடு வந்துவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: நான்கும் கைக்கு வந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் உங்களுக்கு எதிராக ஓடும். மே 1 உங்களால் முடியுமா என்று பார்த்த பிறகு தேதி போடுங்கள். அவருக்காக ஒத்துக்கொண்டுவிட்டுப் பிறகு தவறினால், 67 உங்களைக் காப்பாற்றாது.

அவர் ஃபோனில் பதில் சொல்லுவார், அந்த வயதுக்காரர்கள் எழுதுவதில்லை. பேசி வைத்ததும், ‘இப்போது நீங்கள் சொன்னது: ஃபோன் புக்கிங், இரண்டாவது மாதிரி, முடிவு அண்ணா. சரிதானே அங்கிள்?’ என்று உடனே எழுதிவிடுங்கள். அந்த உரையாடலில் தானாக மறையும் மெசேஜ் அமைப்பு இருந்தால் நிறுத்துங்கள். வழக்கு என்று வந்தால் 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம், பிரிவு 63 சான்றிதழோடு இவற்றைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்துக்கொண்டு ஃபோனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

கல்யாண ஜோடி படங்களும் அடுத்தவர் தளமும்

தோட்டம் அவருடையதுதான். அதில் எடுத்த படம் அவருடையது அல்ல. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். போட்டோஷூட்டுக்குப் பணம் கொடுத்தது பெண் வீடோ மாப்பிள்ளை வீடோ. அங்கிள் இடத்துக்கு வாடகை வாங்கியவர், அவ்வளவுதான். அந்த ஜோடியின் முகத்தோடு படத்தை விளம்பரத்தில் போட்டால் கேள்வி அவருக்கும் வரும், பதிவேற்றிய உங்களுக்கும் வரும். ‘இந்தப் படங்களைத் தளத்தில் போடச் சம்மதம்’ என்று அவர்களிடமிருந்து ஒரு வரி மெசேஜ் வாங்கித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒதுக்குங்கள். இதே பிரிவு அங்கிளுக்குச் சாதகமாகவும் இருக்கிறது: அவரே பணம் கொடுத்து ஒரு போட்டோகிராஃபரை வைத்து அறைகளை எடுத்தால், அந்தப் படங்கள் அவருடையவை.

வேறு ரிசார்ட்டின் வாசகத்தையும் படத்தையும் எடுத்துப் போடுவதை மறந்துவிடுங்கள். திருட்டு என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த ரிசார்ட்டில் இருக்கும் கேம்ப்ஃபயரும் காலை உணவும் உங்கள் அங்கிளிடம் இருக்காது. அதை நம்பிப் பணம் கட்டி, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த குடும்பம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், அவர் கை உங்களை நோக்கி நீளும்.

அதைவிடச் சுலபமான வழி, அவரைப் பேச வைப்பது. அனுமதி கேட்டுப் பதிவு செய்துகொண்டு, அறையறையாக ஃபோனில் கேளுங்கள். எந்த ஜன்னலில் என்ன தெரியும், வெந்நீர் எப்போது வரும், கார் எதுவரை போகும். தோட்டக்காரர்களுக்கு எழுதத்தான் வராது, தோட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் நிறுத்த மாட்டார்கள். அதை நீங்களே எழுதி அனுப்பி ‘சரி’ வாங்குங்கள். எழுதித் தருவதற்குத் தனியாக ஒரு தொகை சொல்லுவது உங்கள் உரிமை. சொல்வதென்றால் எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

முழுவதையும் தர வேண்டியதில்லை. முழுவதையும் வைத்துக்கொள்ளவும் முடியாது. ‘முன்பணம் திரும்பத் தரப்படாது’ என்று எழுதிவிட்டால் போதும் என்று இந்தத் தொழிலில் பலர் நினைக்கிறார்கள். உங்கள் கொட்டேஷனில் அந்த வரி இருந்திருந்தாலும் அது முழுக் காப்பு ஆகியிருக்காது. ஒப்பந்தம் மீறப்பட்டால் இவ்வளவு தொகை என்று முன்பே எழுதி வைப்பதைப் பற்றியது ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74. அதைப் பற்றி 2015-இல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, பணத்தைப் பிடித்துக்கொள்ள நஷ்டம் என்று ஒன்று இருந்தாக வேண்டும். கிடைப்பது நியாயமான இழப்பீடுதான்.

அதனால் செய்த வேலைக்குக் கணக்குப் போடுங்கள். உங்கள் கொட்டேஷனில் இனவாரியாகப் பிரித்திருந்தால் அதையே எடுங்கள். வடிவமைப்பு 18,000, பக்கங்கள் கட்டுவது 27,000, முன்பதிவும் வெளியீடும் 15,000 என்று வைத்துக்கொள்வோம். முகப்பு மாதிரி இரண்டும் முடிந்தது, உள்பக்கம் தொடவில்லை என்றால் வடிவமைப்பில் பாதி, 9,000. ஹோஸ்டிங்குக்கு 4,200 கட்டியிருந்தால் அதை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 13,200. மீதி 6,800-ஐத் திருப்பி அனுப்பி, ரசீதையும் மாதிரிப் படங்களையும் சேர்த்து அனுப்பினால் அவர் பக்கத்தில் பேச அதிகம் இருக்காது. பிரித்துப் போடாத கொட்டேஷன் என்றால் இந்தக் கணக்கில் இழுபறி வரும். அடுத்த வேலையில் பிரித்துப் போடுங்கள்.

சீசன் வருமானத்துக்கு நீங்கள் பொறுப்பு என்பது வெறும் பேச்சு. தளம் இருந்திருந்தால் இத்தனை அறை நிரம்பியிருக்கும் என்று அவர் நிரூபிக்க வேண்டும், அது நின்றது உங்களால்தான் என்றும் நிரூபிக்க வேண்டும். தொலைதூர, மறைமுக நஷ்டத்துக்குப் அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 73 இழப்பீடு தருவதில்லை. ஆனால் புதிய கெடுவை ஒப்புக்கொண்டு, எல்லாம் வந்த பிறகும் நீங்கள் இழுத்தடித்தால், அவர் பேச்சுக்குக் கொஞ்சம் பலம் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏப்ரல் 10 தாண்டி ஒன்றுமே வரவில்லையென்றால், அதே மெசேஜை மேற்கோள் காட்டி, ‘நான்கும் வரவில்லை, வேலையை நிறுத்தி வைக்கிறேன், தொடர விரும்பினால் சொல்லுங்கள், புதிய தேதி தருகிறேன்’ என்று எழுதுங்கள். ஒரு பிரதியை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அப்போதும் பணத்தைப் பற்றி அவர் மல்லுக்கு நின்றால், அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு ஒன்று கொடுக்கலாம். செலவில்லை, இரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்துப் பேசுவார்கள். அப்பாவுக்குத் தெரிந்தவரிடம் சம்மனைவிட அது நல்லது.

அப்பாவைத் தூது அனுப்பலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் யோசித்திருப்பீர்கள். ‘சரி’ என்ற பதில் வரும்வரை அனுப்ப வேண்டாம். அவர் நடுவில் வந்தால் தேதியும் நான்கு வரியும் ‘பாத்துச் செய்யலாம் விடுங்க’ என்பதில் கரைந்துவிடும். அந்தப் பேச்சுக்கு எழுத்தில் சாட்சியும் இருக்காது.